மாற்றிய பிறகும் சூடான விளக்கு சுவிட்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு வீட்டின் சமையலறையில் எட்டு மாட்யூல் அளவுள்ள ஒரு சுவிட்ச் போர்டு. இடமிருந்து வலமாக விளக்கு சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச், 6 ஆம்பியர் சாக்கெட்டும் அதன் சுவிட்சும், கடைசியாக 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதன் சுவிட்சும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஓடுகிறது. மற்ற சுவிட்சுகள் எல்லாம் வீடு கட்டியபோது போட்டவை, ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் பழையவை. விளக்கு சுவிட்ச் மட்டும் புதியது.

வீட்டு அம்மா சொன்னது இரண்டு புகார். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைப் போட்டால் பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது. விளக்கு சுவிட்ச் தொட்டால் சூடாக இருக்கிறது. இரண்டாவது புகாருக்கு ஏற்கெனவே ஒருவரை வரவழைத்து சுவிட்சை மாற்றியும் இருக்கிறார்கள். "மூணு மாசத்துக்கு முன்னாடிதான் தம்பி புதுசு போட்டாங்க. போட்ட ரெண்டு வாரத்துலயே மறுபடி சூடு" என்றார். சுவிட்ச் மட்டமான சரக்கு என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். வேறு கம்பெனி சுவிட்ச் போட்டுத் தரும்படிதான் என்னை அழைத்தார்கள்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். அடுப்பு சில நாட்களாகத் தானே நின்று, 'பீப்' என்று ஒலித்து, முதலிலிருந்து தொடங்குகிறதாம். அடுப்பை சர்வீஸுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கவனித்தவை

அந்தச் சுவிட்சில் ஓடுவது 9 வாட் எல்.இ.டி. விளக்கு. 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 0.04 ஆம்பியர். இவ்வளவு சிறிய மின்னோட்டம் எவ்வளவு மட்டமான சுவிட்சையும் கைக்குத் தெரிகிற அளவுக்குச் சூடாக்காது. ஆகவே அந்தச் சூடு விளக்கால் வந்ததாக இருக்க முடியாது. விளக்கும் ஒருமுறைகூட மினுக்கவில்லை.

அடுப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு இருபது நிமிடம் கழித்து இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்த்தேன். அறை 31 டிகிரி செல்சியஸ். விளக்கு சுவிட்சின் முகம் 51. அடுப்பின் முழு மின்னோட்டமும் ஓடுகிற 16 ஆம்பியர் சுவிட்ச் 37தான். எக்ஸாஸ்ட் சுவிட்ச் அறையைவிட ஓரிரு டிகிரி அதிகம், அவ்வளவே. அடுப்பை நிறுத்தியதும் விளக்கு சுவிட்ச் ஆறத் தொடங்கியது. விளக்கை அணைத்ததற்கும் போட்டதற்கும் சூட்டில் எந்த மாற்றமும் இல்லை. சூட்டுக்குக் காரணம் அடுப்பின் மின்னோட்டம்தான் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. போர்டின் அருகே மூக்கை வைத்தால் கெட்டுப்போன மீன் மாதிரி ஒரு வாடையும் வந்தது. பிளாஸ்டிக்கும் வயர் உறையும் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வருகிற வாடை அது.

அடுத்து சத்தம். அடுப்பு ஓடாத நேரத்தில் ஃபேனை மட்டும் போட்டுக் கேட்டேன். சுவிட்சை அழுத்தி விட்ட பிறகும் 'கரகர' என்ற சத்தம் ஒன்றிரண்டு நொடி நீடித்தது. ரப்பர் கையுறையுடன் பித்தானை லேசாக ஒரு பக்கம் அழுத்தினால் சத்தம் நின்றது, விட்டால் திரும்பியது. மோட்டார் உள்ள கருவியை அணைக்கும் அந்தக் கணத்தில் ஒரு சின்ன 'டிக்' கேட்பது இயல்பு. 'ஆன்' நிலையில் நின்றபின் தொடர்கிற சத்தம் அப்படியல்ல. உள்ளே இரண்டு தொடுமுனைகளும் இறுக்கமாகச் சேராமல் பொறி பறக்கிறது.

ஆக, ஒரே போர்டில் இருந்த இந்த இரண்டு கோளாறுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. ஒன்றில் சுவிட்சே தேய்ந்திருக்கிறது. மற்றொன்றில் சுவிட்சைக் குறை சொல்ல எந்த ஆதாரமும் இதுவரை இல்லை.

மின்சாரத்தை நிறுத்தியது

சமையலறைக்குரிய எம்.சி.பி. 16 ஆம்பியர். அதை அணைத்து, யாரும் தவறிப் போட்டுவிடாமல் டேப் ஒட்டி, வீட்டாரிடமும் சொல்லிவைத்தேன். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்கு, ஃபேன் சுவிட்சுகளுக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி ஃபேஸ் வரும். அங்கே மெயினையே அணைத்தாலும் போர்டுக்குள் ஒரு வயரில் உயிர் இருக்கும். இந்த வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை, என்றாலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டர் எரியாததை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. டெஸ்டரே பழுதாக இருக்கலாம். மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள வேறொரு சாக்கெட்டில் வைத்து 230 காட்டுகிறதா என்று பார்த்தேன். பிறகு இந்தப் போர்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தேன். மறுபடி அந்த முதல் சாக்கெட்டில் வைத்து மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். இதற்கு ஆவது ஒரு நிமிடம்.

போர்டுக்குள் இருந்தது

வெளித்தட்டைக் கழற்றி, சட்டத்தின் திருகுகளை எடுத்து, போர்டை முன்னால் இழுத்ததும் வயரிங் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தது. சுவரிலிருந்து வருகிற 2.5 சதுர மி.மீ. ஃபேஸ் வயர் நேரே விளக்கு சுவிட்சின் டெர்மினலுக்குப் போகிறது. அதே டெர்மினலிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயர் ஒன்று எக்ஸாஸ்ட் சுவிட்சுக்குப் போகிறது. அங்கிருந்து 6 ஆம்பியர் சுவிட்சுக்கு, அதிலிருந்து 16 ஆம்பியர் சுவிட்சுக்கு. லூப் என்று நாம் சொல்வது இதைத்தான். வயரைச் சுவரிலிருந்து இழுக்கும்போது எந்த மாட்யூல் கிட்டே இருக்கிறதோ அதில் முதலில் மாட்டி, அங்கிருந்து வரிசையாகக் கொண்டுபோவது வேலைக்குச் சுலபம்.

இதன் விளைவு என்னவென்றால், கடைசியில் இருக்கிற அடுப்புக்கான மின்னோட்டம் முழுவதும் முதலில் இருக்கிற விளக்கு சுவிட்சின் டெர்மினல் வழியாகத்தான் போகவேண்டும். சுவிட்சின் பித்தானுக்குள் அது நுழைவதே இல்லை. அந்த ஒரு திருகுக்கடியில் ஒரு வயரிலிருந்து இன்னொரு வயருக்குத் தாண்டிப் போகிறது. விளக்கு அணைந்திருந்தாலும் இப்படித்தான்.

அந்தத் திருகைத் தளர்த்துவதற்கு முன் இரண்டு வயர்களையும் தனித்தனியாக மெல்ல இழுத்துப் பார்த்தேன். தடித்த 2.5 வயர் அசையவில்லை. மெல்லிய 1.5 வயர் விரலோடு ஆடியது. திருகு நன்றாக முறுக்கித்தான் இருந்தது. ஆனால் அதன் முனை தடித்த வயரின் மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் செருகிய மெல்லிய வயரின் மேல் அழுத்தமே விழவில்லை. வெவ்வேறு தடிமனுள்ள இரண்டு வயர்களை ஒரே திருகுக்கடியில் வைத்தால் அடிக்கடி நடப்பது இது. திருகைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

விளக்கு ஏன் மினுக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேயே கிடைத்தது. விளக்குக்கு மின்சாரம் வருவது இறுக்கமாக இருந்த தடித்த வயரிலிருந்து நேரடியாக. தளர்ந்த வயர் அதற்குப் பிறகு இருக்கிறவர்களுக்கானது. அதனால்தான் சூடு விளக்கு சுவிட்சில் தெரிய, தொல்லை அடுப்புக்கு வந்தது. அடுப்பு தானே நின்று 'பீப்' அடித்துத் தொடங்கியதும் இதனால்தான். பாவம், அடுப்பு சர்வீஸுக்குப் போக இருந்தது.

மெல்லிய வயரின் செம்பு கறுத்திருந்தது. உறை இரண்டு செ.மீ. நீளத்துக்குப் பழுப்பேறி, வளைத்தால் வெடிக்கிற அளவுக்கு இறுகியிருந்தது. முன்பு சுவிட்சை மாற்றியவர் இதே கறுத்த நுனிகளை அப்படியே புதிய டெர்மினலில் செருகி முறுக்கியிருக்கிறார். ஆக்சைடு படிந்த செம்பின் மேல் எவ்வளவு முறுக்கினாலும் தொடுகை சரியாக வராது. அவர் ஏன் வெட்டவில்லை என்பதும் புரிந்தது. சுவரிலிருந்து வரும் வயரில் மிச்ச நீளம் மிகக் குறைவு. அதன் நுனியை மூன்று செ.மீ. வெட்டினால் பிறகு அது சுவிட்சுக்கு எட்டாது.

ஒரு அளவீடும் கணக்கும்

எதையும் மாற்றுவதற்கு முன், போர்டு திறந்த நிலையிலேயே மின்சாரம் கொடுத்து, அடுப்பை ஓடவிட்டு ஓர் அளவீடு எடுத்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனை, உள்ளே வருகிற வயரின் செம்பில். மறுமுனை, அடுத்த சுவிட்சின் டெர்மினல் திருகில். 0.9 வோல்ட் காட்டியது. இது உயிருள்ள போர்டில் செய்கிற வேலை. காப்புக் கையுறையும் நுனி மூடிய மீட்டர் முனைகளும் பழக்கமும் இல்லாதவர்கள் செய்யக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தேவையும் இல்லை. அடுப்பை ஓடவிட்டுப் புறங்கையால் தட்டைத் தொட்டுப் பார்த்தாலே அவர்களுக்கு வேண்டியது தெரிந்துவிடும்.

2000 வாட் அடுப்பு இழுப்பது 8.7 ஆம்பியர். 0.9 வோல்ட்டை அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 8 வாட். சமையலறை முழுவதற்கும் வெளிச்சம் தருகிற அந்த எல்.இ.டி. எடுக்கிற மின்திறன் அளவு, நகக்கண் அகலமுள்ள ஒரு பித்தளைத் துண்டுக்குள் வெறும் சூடாக வெளியேறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக், பின்னால் மூடிய பெட்டி. வெளிமுகமே 51 டிகிரி என்றால் டெர்மினல் அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டில் இருந்திருக்கும். அதே போர்டில் இறுக்கமாக இருந்த மற்ற டெர்மினல்களில் இதே மாதிரி அளந்தபோது 0.03 வோல்ட்டுக்கு மேல் வரவில்லை.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று வீட்டு அம்மாவின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டம் அளவுக்கு மீறுகிறதா என்பதை. இங்கே ஓடியது அடுப்புக்கு வேண்டிய 8.7 ஆம்பியர்தான், 16ஐ நெருங்கவே இல்லை. மின்சாரம் எர்த்துக்குக் கசியவும் இல்லை, ஆகவே ஆர்.சி.சி.பி.யும் விழாது. தளர்ந்த இணைப்பை இந்த இரண்டு பாதுகாப்புகளும் பார்ப்பதில்லை. எம்.சி.பி. விழவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைத்து இந்த மாதிரிச் சூட்டை விட்டுவைக்கிறவர்கள் நிறைய.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

எக்ஸாஸ்ட் சுவிட்சை மாற்றுவதில் யோசிக்க எதுவும் இல்லை. தேய்ந்த தொடுமுனையை வீட்டில் சுரண்டிச் சரிசெய்ய முடியாது. அப்படிச் செய்தால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கருகும். விளக்கு சுவிட்ச் மூன்று மாதப் புதுசுதான், பித்தான் நன்றாக வேலை செய்தது. ஆனாலும் அதன் டெர்மினல் சூட்டில் நிறம் மாறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுத்துவிட்டதால் அதையும் மாற்றுவது என்று முடிவு. சூடேறி ஆறிய பித்தளையும் திருகும் பழைய பிடிப்பைக் கொடுக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது லூப். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மாட்யூல்களை இடம் மாற்றி 16 ஆம்பியர் சுவிட்சை முதல் இடத்துக்குக் கொண்டுவருவது. அப்போது அடுப்பின் மின்னோட்டம் மற்ற சுவிட்சுகளின் டெர்மினல் வழியே போகவேண்டியதில்லை. ஆனால் 16 ஆம்பியர் சுவிட்சின் டெர்மினலில் மறுபடி ஒரு 2.5 வயரும் ஒரு 1.5 வயரும் சேர்ந்து உட்காரும். நாம் விடுபட நினைக்கிற அதே கோளாறு இடம் மாறி உட்கார்ந்துவிடும். லூப் முழுவதையும் 2.5 வயரில் போடலாம் என்றால், 6 ஆம்பியர் சுவிட்சின் சின்ன டெர்மினலில் இரண்டு 2.5 வயர்கள் ஒழுங்காக அடங்குவதில்லை.

இரண்டாவது வழி, பெட்டிக்குள் மூன்று வாய் உள்ள ஒரு லீவர் கனெக்டர் வைப்பது. உள்ளே வரும் வயர் ஒரு வாயில், 16 ஆம்பியர் சுவிட்சுக்கு நேரே போகும் புதிய 2.5 வயர் இன்னொன்றில், விளக்கு வரிசைக்குப் போகும் 1.5 வயர் மூன்றாவதில். ஒவ்வொரு வாய்க்கும் தனி ஸ்பிரிங் என்பதால் தடிமன் வேறுபாடு பொருட்டல்ல. வெட்டியபின் குறைகிற வயர் நீளத்துக்கும் இதுவே தீர்வு. 32 ஆம்பியர் வரை தாங்கும் கனெக்டர், பெட்டியின் ஆழத்தில் இடமும் இருந்தது. இதையே தேர்ந்தெடுத்தேன். வயர்களை முறுக்கி டேப் சுற்றி உள்ளே தள்ளுவது மூன்றாவது வழி என்று சிலர் சொல்வார்கள். சூடேறினால் டேப்பின் பசை விட்டுப்போகும். அதை நான் வழியாகவே எண்ணுவதில்லை.

வேலை நடந்த விதம்

மின்சாரத்தை மறுபடி அணைத்துச் சோதித்தபின், கழற்றுவதற்கு முன்பே போர்டின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து, வயர்களில் சிறு டேப் ஒட்டி எழுதிவைத்தேன். உள்ளே வரும் வயரைப் பளபளப்பான செம்பும் மிருதுவான உறையும் வரும்வரை வெட்டினேன். மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவே போயிற்று. பழுத்த 1.5 லூப் துண்டுகளை ஒட்டுப்போடாமல் மொத்தமாகத் தூக்கிப் போட்டுப் புதியவை போட்டேன்.

உறையைச் சீவும்போது இழைகள் வெட்டுப்படாமல் பார்க்க வேண்டும். கத்தியால் சுற்றி அறுத்தால் இழைகளில் ஒன்றிரண்டு கட்டாயம் போகும். வயர் ஸ்ட்ரிப்பர் வைத்துச் சுமார் ஒன்பது மி.மீ. சீவினேன். டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது, திருகுக்கடியில் உறை மாட்டவும் கூடாது. உறையின் மேல் திருகு இறங்கினால் அதுவும் இறுக்கம் போலவே கைக்குத் தெரியும். இழைகளை அவை ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே முறுக்கி, லூப்பின் இரண்டு 1.5 நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் செருகினேன். விளக்குக்குப் போகும் ஒற்றை வயரை நுனியில் மடக்கி இரட்டையாக்கிச் செருகினால் டெர்மினல் துளை நிறையும், திருகுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

நுனியில் ஈயம் பற்றவைத்துவிட்டால் இழை பிரியாதே என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. திருகு டெர்மினலில் அது வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுக்கும், சில மாதங்களில் திருகு தானாகவே தளர்ந்ததாகிவிடும்.

முறுக்குவதற்குத் திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குரூ டிரைவர் வேண்டும். டெஸ்டரை வைத்து முறுக்கினால் போதிய பலமும் கிடைக்காது, திருகின் தலையும் மழுங்கும். ஒருமுறை முறுக்கி, வயரை இப்படியும் அப்படியும் அசைத்து, மறுபடி முறுக்கினேன். அசைக்கும்போது இழைகள் தம் இடத்தில் படிந்துவிடுவதால் இரண்டாவது முறை பெரும்பாலும் கால் சுற்றுக்குக் கிட்டே இடம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு வயரையும் தனியாக இழுத்துப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்தல்ல. இதற்கு மேல் பலம் போட்டால் பித்தளையின் மரை கழன்றுவிடும் அல்லது இழை அறுபடும். தயாரிப்பாளர் தாளில் முறுக்கு அளவு கொடுத்திருந்தால் டார்க் டிரைவர் வைத்து அந்த அளவோடு நிறுத்துவதே மேல்.

16 ஆம்பியர் சாக்கெட்டின் நியூட்ரல் திருகையும் பார்த்தேன். ஃபேஸ் வழியே போகும் அதே 8.7 ஆம்பியர் திரும்பி வருவது அங்கேதான். அரைச் சுற்று இடம் கொடுத்தது. சுவிட்ச் பற்றிய புகார் என்பதால் ஃபேஸ் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் அடுத்த சூடு சாக்கெட்டில் வந்திருக்கும். எர்த் திருகு சரியாக இருந்தது.

கடைசியாக வயர்களை மடித்து உள்ளே தள்ளும்போது எதுவும் சட்டத்தின் திருகுக்கு நேரே வராமல் ஒதுக்கி வைத்து, தட்டை மூடினேன்.

கழற்றியதைத் திறந்து பார்த்தது

பழைய சுவிட்சுகள் இரண்டையும் உடைத்துப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் சுவிட்சின் தொடுமுனை குழி விழுந்து கறுத்திருந்தது. பித்தானுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, தொடுமுனையைத் தேவையான வேகத்தில் தள்ளாமல் மெதுவாக நகர்த்தியது. டெர்மினல் பக்கம் சுத்தம். விளக்கு சுவிட்சில் அப்படியே தலைகீழ். தொடுமுனை கடையிலிருந்து வந்தபடியே மின்னியது, டெர்மினலின் பித்தளைதான் நீலமும் கறுப்புமாக மாறியிருந்தது. மட்டமான சரக்கு என்ற பேச்சு அதோடு நின்றது.

அதன் பிறகு

அன்றே அடுப்பை இருபது நிமிடம் ஓடவிட்டு அளந்தேன். விளக்கு சுவிட்ச் அறையின் சூட்டுக்குச் சமம். 16 ஆம்பியர் சுவிட்ச் முன்போலவே ஆறு டிகிரி அதிகம். 8.7 ஆம்பியர் ஓடும் சுவிட்சுக்கு இந்த இளஞ்சூடு இயல்பு, அதை நினைத்துப் பதற வேண்டியதில்லை. உள்ளே வரும் வயருக்கும் 16 ஆம்பியர் சுவிட்சின் டெர்மினலுக்கும் இடையே, தட்டை மூடுவதற்கு முன் எடுத்த அளவு 0.02 வோல்ட். ஃபேன் சுவிட்சில் சத்தம் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது ஒரே ஒரு திருகு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது, மற்றவை அசையவில்லை. அடுப்பு தானே நிற்பதும் இல்லை என்றார்கள்.

இன்னும் மாற்ற வேண்டியவை

இதே வீட்டில் மற்ற போர்டுகளையும் அதே கை வயரிங் செய்திருப்பதால் அவற்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி போடும் படுக்கையறைப் போர்டிலும் விளக்கு சுவிட்ச் வழியாகவே லூப் போயிருந்தது. அங்கே திருகு இறுக்கமாக இருந்தாலும் வயர் தடிமன் கலப்பு அதேதான். அதையும் கனெக்டர் போட்டுப் பிரித்தாயிற்று.

முறைப்படி பார்த்தால் சமையலறையின் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யும் தனி வயரும் வரவேண்டும். குழாய்க்குள் புதிய வயர் இழுக்க இடமில்லாததால் சுவரை வெட்ட வேண்டியிருக்கிறது. வீட்டார் அதை அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது செய்துகொள்வதாகத் தள்ளிவைத்தார்கள். அதுவரை அடுப்பும் மிக்ஸியும் சேர்ந்து ஓடினால் 12 ஆம்பியர் வரும், 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் 2.5 வயருக்கும் அது பரவாயில்லை. அடுப்பு ஓடும்போது அதே போர்டில் கெட்டிலோ வேறு சூடாக்கும் கருவியோ போடக் கூடாது என்று எழுதி, போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.